தலைப்பும் புள்ளியுமா இருக்குற பதிலை பேசுற மாதிரி மாத்துறது

கேள்வி: போன் பேட்டரி ஏன் சீக்கிரம் வீணாப் போகுதுன்னு ஒரு பதில் எழுதி வச்சிருக்கேன். விஷயம் எல்லாம் சரிதான், ஆனா முழுக்க தலைப்பு தலைப்பா, புள்ளி புள்ளியா இருக்கு. சும்மா படிக்க வர்றவங்களுக்கு பேசுற மாதிரி ஓட்டமா வேணும். புள்ளியை எல்லாம் எடுத்துட்டு நடுவுல நடுவுல ‘மேலும்’ போட்டுப் பாத்தேன், முன்னவிட மோசமாயிடுச்சு. எப்படி மாத்துறது?

அந்த ‘மேலும்’தான் உங்களைக் கவுத்துருக்கு. ரெண்டு விஷயத்துக்கு நடுவுல என்ன சம்பந்தம்னு அது சொல்லவே சொல்லாது, ‘இன்னொன்னும் இருக்கு’ன்னு மட்டும்தான் சொல்லும். புள்ளியும் அதைத்தானே சொல்லிட்டு இருந்துச்சு? ஆக நீங்க ஒரு வட்டத்தை எடுத்துட்டு அந்த எடத்துல மூணு எழுத்து வச்சிருக்கீங்க, அவ்ளோதான். புள்ளியா இருந்தப்பவாவது கண்ணு ஓட்டிப் பாத்து வேண்டியதைப் பொறுக்கிக்கலாம், இப்ப அதுவும் முடியாது.

புள்ளில எழுதுறப்போ நமக்கு ஒரு பெரிய வசதி என்னன்னா எது எதுக்குக் காரணம், எது முக்கியம், எது சும்மா ஒப்புக்கு, இதையெல்லாம் முடிவு பண்ணாமலே எழுதிட்டுப் போயிடலாம். ஓட்டமா எழுத உக்காந்தா அந்த முடிவை எடுத்தே ஆகணும். அதனால இது மொழிய அழகு பண்ற வேலைன்னு நெனச்சு ஆரம்பிக்காதீங்க. முதல்ல விஷயத்தை ஒருவாட்டி யோசிக்கணும், எழுத்து அதுக்கப்புறம்தான்.

உங்க பதில்ல நடுப் பகுதிய மட்டும் இங்க எடுத்து வச்சுக்கறேன், இதை வச்சே பேசலாம்.

காரணங்கள்
- அதிக வெப்பநிலை
- நீண்ட நேரம் 100% சார்ஜில் வைத்திருத்தல்
- முழுமையாகத் தீரும் வரை பயன்படுத்துதல்
- இயற்கையான தேய்மானம்

தீர்வுகள்
- வெப்பத்தைத் தவிர்க்கவும்
- 20% முதல் 80% வரை பராமரிக்கவும்
- இரவு முழுவதும் சார்ஜ் செய்வதைத் தவிர்க்கவும்
- சார்ஜ் செய்யும்போது கவரை அகற்றவும்
- நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் 50% சார்ஜில் வைக்கவும்

மொத்தம் 9 புள்ளி. இதை ஒரு பேப்பர்ல எழுதிட்டு ஒவ்வொரு புள்ளிலயும் நின்னு ‘ஏன்?’னு ஒரு கேள்வி, ‘அதனால?’ன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, எதுக்கும் எதுக்கும் பதில் பொருந்துதோ அங்க கோடு போடுங்க. ராத்திரி முழுக்க சார்ஜ் போடக் கூடாதுன்னு இருக்கே, ஏன்? 100ல ரொம்ப நேரம் கெடக்கும், அதனால. கவரை ஏன் கழட்டணும்? சூடு வெளிய போகணும்ல. 80ல ஏன் நிறுத்தணும்? அதுவும் 100 விஷயம்தான். இப்படிக் கோடு போட்டுட்டே போனா 9 புள்ளில பாதிக்கு மேல ரெண்டே ரெண்டு விஷயத்துக்கிட்ட வந்து நிக்கும், ஒன்னு சூடு, இன்னொன்னு முழுசா நெறஞ்சு கெடக்கறது. போன்ல இருக்குற லித்தியம் அயான் பேட்டரிக்கு இந்த ரெண்டும் ஆகாது, அதுவும் ரெண்டும் சேந்து வந்துச்சுன்னா இன்னும் ஆகாது. உங்க பதில்ல சொல்ல வந்த விஷயமே இதுதான், ஆனா 9 புள்ளில ஒன்னுல கூட இது இல்ல பாருங்க. எல்லாத்துக்கும் ஒரே சைஸ் வட்டத்தைப் போட்டதால ‘இயற்கையான தேய்மான’மும் ‘அதிக வெப்பநிலை’யும் ஒரே எடைல ஒக்காந்திருக்கு.

கோடு போட்டு முடிச்சதும் அந்தப் பேப்பரைக் கவுத்து வச்சுட்டு, கேக்கற ஆளுகிட்ட ஒரே மூச்சுல சொல்றதுன்னா என்ன சொல்லுவீங்கன்னு வாய்விட்டு சொல்லிப் பாருங்க. ‘சூடும் 100ம் ஒன்னு சேரவிடாதீங்க, முக்கியமா ராத்திரில.’ இதான் உங்க முதுகெலும்பு. இனிமே எந்தப் புள்ளி இதுல ஒட்டுதோ அது உள்ள வரும், ஒட்டாதது ஒன்னு கடைசில ஒரு வரியா போகும், இல்ல வெட்டுப்படும். வெட்டறதுக்கு மனசு வராது, எனக்கும் வராது, ஆனா வெட்டாம ஓட்டமா எழுதுனவங்களை நான் பாத்ததில்ல.

அடுத்து தலைப்பு. ‘காரணங்கள்’, ‘தீர்வுகள்’னு தலைப்பு போட்டா ஒரே விஷயத்தை ரெண்டு வாட்டி சொல்ல வேண்டி வருது, கவனிச்சீங்களா? சூடு மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு. பேசறப்போ யாரும் அப்படிப் பேசறதில்ல, முதல்ல காரணம் நாலையும் அடுக்கிட்டு அப்புறம் ‘சரி, இப்ப தீர்வுக்கு வருவோம்’னு திரும்பவும் முதல்ல இருந்து ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவர் எந்திரிச்சுப் போயிடுவாரு. காரணத்தைச் சொன்ன கையோட என்ன பண்ணனும்னும் சொல்லிடறதுதான் நம்ம வழக்கம். அதனால தலைப்பை எடுக்கறதுன்னா அந்த வரியை டெலிட் பண்றது இல்ல, தலைப்பு பிரிச்சு வச்ச ரெண்டு துண்டையும் திரும்ப ஒட்ட வைக்கறது. சூடு பத்தி சொல்றியா, கவரையும் அங்கயே கழட்டிடு.

இன்னொன்னும் இருக்கு, தலைப்புங்கறது படிக்கறவங்க மனசுல வர வேண்டிய கேள்வி. தலைப்பு போனதுக்கப்புறம் அந்தக் கேள்வி தானா வர்ற மாதிரி முந்துன வரிய முடிக்கணும். ‘ரெண்டும் சேர்ற நேரம் பெரும்பாலும் ராத்திரிதான்’னு ஒரு பத்திய முடிச்சீங்கன்னா, படிக்கறவங்க ‘ராத்திரி என்ன ஆகுது?’ன்னு கேட்டுகிட்டே அடுத்த பத்திக்குள்ள வந்துடுவாங்க, அங்க தலைப்புக்கு வேலையே இல்ல.

இப்பதான் மொழிக்கு வரணும். உங்க புள்ளிகள்ல இருக்குற வார்த்தைகளை ஒருவாட்டி பாருங்க: வைத்திருத்தல், பயன்படுத்துதல், தேய்மானம், தவிர்க்கவும், பராமரிக்கவும். ஒன்னுல கூட ஆளே இல்ல! யாரு வச்சிருக்காங்க, யாரு பயன்படுத்தறாங்கன்னு கெடையாது. ‘தல்’ல முடியற வார்த்தை எல்லாம் வினைய உறைய வச்ச கட்டி மாதிரி, புள்ளிக்கு அது தோதா இருக்கும், ஏன்னா புள்ளிக்கு வாக்கியமே வேணாம். ஆனா அதை அப்படியே தூக்கி வாக்கியத்துக்குள்ள போட்டா ‘நீண்ட நேரம் 100% சார்ஜில் வைத்திருத்தல் பேட்டரியை பாதிக்கிறது’ன்னு சர்க்குலர் மாதிரி வந்து நிக்கும். அதை உடைச்சு ஆளை உள்ள கொண்டு வாங்க: ‘100 ஆனதுக்கப்புறமும் நாம கழட்டாம விட்டுடறோம்.’ இந்த ஒரே ஒரு வேலைய, அதாவது ‘தல்’, ‘வு’, ‘மானம்’னு முடியற பேரையெல்லாம் வினையா மாத்தி ஒரு ஆளைக் கூட நிறுத்தறதை, பதில் பூரா பண்ணீங்கன்னாலே பாதி தூரம் வந்துடும்.

அப்புறம் இணைக்கற வேலை. இதுல தமிழ் நமக்கு நெறைய குடுத்திருக்கு, ‘மேலும்’கிட்ட போய் கையேந்த வேண்டியதே இல்ல. காரணம்னா ‘றதால’, நிபந்தனைன்னா ‘ன்னா’, எதிர்பார்ப்பு உடையுதுன்னா ‘னாலும்’ இல்ல ‘ஆனா’, ஒன்னு முடிஞ்ச கையோட இன்னொன்னு நடக்குதுன்னா ‘னதும்’. இதெல்லாம் வினையோட வாலுலயே ஒட்டிக்குது, தனி வார்த்தையா துருத்திகிட்டு நிக்காது. நீங்க பேப்பர்ல போட்ட ஒவ்வொரு கோடும் இதுல ஏதோ ஒரு வாலா மாறணும். எந்த வாலும் பொருந்தலன்னா அந்த ரெண்டு புள்ளிக்கும் நெஜமாவே சம்பந்தம் இல்லன்னு அர்த்தம், அதை ஒரே பத்தில வச்சு மூச்சு முட்ட வைக்காதீங்க.

‘ட்டு’கிட்ட மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க. பேசற மாதிரி எழுதறேன்னு ஆரம்பிக்கறவங்க எல்லாரும் விழற குழி இது. வந்துட்டு, போட்டுட்டு, வச்சுட்டுன்னு சங்கிலி மாதிரி கோத்துகிட்டே போகலாம், சுகமா இருக்கும், ஆனா அந்தச் சங்கிலில எல்லா வேலையும் ஒரே ஆளு செய்யணும். ‘போனை சார்ஜ்ல போட்டுட்டு லைட்டை அணைச்சுட்டு படுத்துடறோம்’, இதுல மூணும் நாம செய்யறது, அதனால வழுக்கிட்டு போகுது. ‘போன் சூடாயிட்டு நான் கழட்டினேன்’னு எழுதுனா காது உடனே இடறும், ஏன்னா சூடானது போன், கழட்டினது நான். அங்க ‘சூடானதும் நான் கழட்டினேன்’னு ஆள் மாறறதை ஒத்துக்கற வாலா போடணும். மழை பெஞ்சு ஏரி நெறஞ்சுதுன்னு சொல்றோமே, அதுல ரெண்டு பேரு தானேன்னு கேக்கலாம், அங்க மழைதான் நெறைச்சுது, ஒன்னு இன்னொன்னுக்கு நேரடிக் காரணமா இருக்குறதால காது மன்னிச்சு விட்டுடுது. எல்லா எடத்துலயும் மன்னிக்காது. நீளமான வாக்கியம் எழுதி எங்கயோ இடறுதுன்னு தோணுச்சுன்னா, முதல்ல ‘ட்டு’ல ஆளு மாறியிருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் அங்கதான் மாட்டும்.

ஒரு வாக்கியம் முடியற எடத்துல எது நிக்குதுன்னும் கொஞ்சம் கவனிங்க. நம்ம வாக்கியத்துல வினை கடைசில வரும், அதுக்கு ஒட்டினாப்ல முன்னாடி நிக்கறதுக்குத்தான் அழுத்தம் விழும். ‘ராத்திரில ரெண்டும் சேருது’ன்னா பேச்சு ரெண்டும் சேர்றதைப் பத்தி, ‘ரெண்டும் சேர்றது ராத்திரிலதான்’னா பேச்சு ராத்திரியப் பத்தி. புதுசா சொல்ல வந்ததை அந்தக் கடைசி எடத்துல வச்சு முடிங்க, அடுத்த வாக்கியம் அதையே புடிச்சுகிட்டு தொடங்கட்டும். இப்படி ஒன்னோட வாலை இன்னொன்னோட தலை புடிச்சுகிட்டு போனா, நடுவுல இணைப்பு வார்த்தையே இல்லாட்டியும் ஓட்டம் வந்துடும்.

இதையெல்லாம் வச்சு உங்க 9 புள்ளிய நான் எழுதினா இப்படி வரும்:

> போன் பேட்டரிக்கு ஆகாத விஷயம் ரெண்டு. ஒன்னு சூடு, இன்னொன்னு 100ல நெறஞ்சே கெடக்கறது. தனித்தனியா வந்தா கொஞ்சம் கொஞ்சமாத்தான் அரிக்கும், ரெண்டும் சேந்தா வேகமா அரிக்கும், அப்படி சேர்ற நேரம் பெரும்பாலும் ராத்திரிதான்.
>
> படுக்கப் போறப்போ சார்ஜ்ல போட்டு தலகாணி பக்கத்துல வச்சுட்டு தூங்கிடறோம். விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே 100 ஆயிடும். 100 ஆனதும் போன் தானா சார்ஜ் ஏத்தறதை நிறுத்திக்கும், அதனால ‘ஓவர்சார்ஜ் ஆயிடும்’னு பயப்பட வேண்டாம். சிக்கல் அதுல இல்ல, விடியற வரைக்கும் அது 100லயே நிக்குறதுலதான், அதுவும் கவரும் மெத்தையும் சேந்து சூட்டை வெளிய விடாம அமுக்கி வச்சிருக்கும்போது. ராத்திரி போட்டே ஆகணும்னா கவரைக் கழட்டிட்டு மேஜை மேல வச்சுடுங்க, 80 கிட்ட நிறுத்திக்கற செட்டிங் உங்க போன்ல இருந்தா அதையும் ஆன் பண்ணிடுங்க.
>
> 20க்கும் 80க்கும் நடுவுல வச்சுக்கணும்னு சொல்றாங்களே, அதுல 80 ஏன்னு இப்ப புரிஞ்சிருக்கும். கீழ்ப்பக்கமும் அப்படித்தான், அடிக்கடி சுத்தமா தீத்துடறது இந்த பேட்டரிக்கு நல்லதில்ல. முழுசா தீத்துட்டுதான் சார்ஜ் போடணும்னு யாராவது சொன்னா அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம், லித்தியத்துக்கு அது பொருந்தாது. ஒரு போனை மாசக் கணக்குல எடுக்காம பெட்டில வைக்கப் போறீங்கன்னாலும் இதே கணக்குதான்: முழுசா நெறஞ்சும் இருக்கக் கூடாது, சும்மா கெடந்தே தீந்தும் போயிடக் கூடாது, அதனால பாதில விட்டு ஆஃப் பண்ணிடுங்க.
>
> இதெல்லாம் பண்ணாலும் பேட்டரிக்கு வயசாகத்தான் செய்யும், கொஞ்சம் தள்ளிப் போடலாம், அவ்ளோதான்.

இதுல என்னென்ன நடந்திருக்குன்னு பாருங்க. ‘இயற்கையான தேய்மானம்’ காரணங்கள் வரிசைல இருந்து எறங்கி கடைசில ஒரு வரி ஆயிடுச்சு, ஏன்னா அதுல நாம செய்ய ஒன்னும் இல்ல. ‘ஓவர்சார்ஜ்’ உங்க புள்ளிலயே கெடையாது, நான்தான் சேத்தேன். அதை ஏன் சேத்தேன்னா, ராத்திரி சார்ஜ் போடாதீங்கன்னு சொன்ன உடனே படிக்கறவங்க மனசுல தப்பான காரணம்தான் முதல்ல வரும், பேசிட்டு இருக்கும்போது எதிர்ல இருக்கறவர் மொகத்தைப் பாத்தே நாம அதைப் புடிச்சு திருத்திடுவோம்ல, எழுத்துல அந்த மொகம் கெடையாது, நாமளேதான் நெனச்சுப் பாத்துக்கணும். பேசற மாதிரி எழுதறதுன்னா எனக்குத் தெரிஞ்சு பாதிக்கு மேல இதுதான், ‘இருக்கிறது’ங்கறதை ‘இருக்கு’ன்னு மாத்தறது ரொம்ப சின்ன விஷயம்.

நீளமும் கூடிடுச்சு, அதைப் பாத்து பயப்படாதீங்க. 9 புள்ளி 35 வார்த்தைக்குப் பக்கத்துல இருந்துச்சு, இது அதைப் போல நாலு மடங்குக்கு மேல. புள்ளி சொல்லாம விட்ட ‘ஏன்’ எல்லாம் சேந்தா அப்படித்தான் ஆகும். அதனாலதான் ஒட்டாததை முன்னாடியே வெட்டணும்னு சொன்னேன்.

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை பண்ணுங்க. ஒரு பத்தில இருக்குற வாக்கியங்களை கலைச்சு வேற வரிசைல அடுக்கிப் படிச்சுப் பாருங்க. ஒன்னும் கெடலன்னா, இன்னும் அது பட்டியல்தான், புள்ளி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியல. மேல இருக்குறதுல ரெண்டாவது பத்திய கலைச்சீங்கன்னா ‘சிக்கல் அதுல இல்ல’ங்கற வரி அந்தரத்துல தொங்கும், ஏன்னா ‘அது’ எதுன்னே தெரியாது. அந்த மாதிரி தொங்கணும், அப்பதான் ஒட்டியிருக்குன்னு அர்த்தம். அப்புறம் சத்தமாப் படிங்க, மூச்சு வாங்கற எடத்துல கமாவோ முற்றுப்புள்ளியோ இல்லாட்டி அங்க உடைங்க.

அடிக்கடி நடக்கற தப்பு ரெண்டு இருக்கு, சொல்லிடறேன். ஓட்டமா மாத்தறேன்னு ‘வாங்க பாக்கலாம்’, ‘அடுத்து என்ன தெரியுமா?’, ‘இதுதாங்க விஷயம்!’னு பத்திக்குப் பத்தி சேக்கறாங்க. அதுவும் தலைப்புதான், வேஷம் போட்டுகிட்டு வந்த தலைப்பு. நானே ஒரு காலத்துல ஒவ்வொரு பத்தியையும் கேள்வியோட ஆரம்பிச்சு எழுதிட்டு இருந்தேன், ஒருத்தங்க படிச்சுட்டு ‘என்ன, வினாடி வினா நடத்தறியா?’ன்னு கேட்டாங்க, அன்னிலேர்ந்து ஒரு பதிலுக்கு ஒன்னு ரெண்டுக்கு மேல வச்சுக்கறதில்ல. இன்னொரு தப்பு நடை கலங்கறது. ‘வச்சுடுங்க’ன்னு எழுதிட்டு அடுத்த வரிலயே ‘தவிர்க்க வேண்டும்’னு வந்தா, புள்ளில இருந்து அப்படியே ஒட்டுனது எங்கன்னு படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். அதனால பழைய புள்ளிய பக்கத்துல வச்சு பாத்து பாத்து மாத்தாதீங்க, கோடு போட்ட பேப்பர் மட்டும் போதும், வார்த்தைய புதுசா எழுதுங்க, கடைசில பழசோட ஒப்பிட்டு ஏதாவது தகவல் விட்டுப் போச்சா, எண் எதுவும் மாறிடுச்சான்னு மட்டும் சரி பாத்துக்கோங்க. பேச்சு நடைல எழுதறப்போ ‘பெரும்பாலும்’, ‘அடிக்கடி’ மாதிரி வார்த்தைங்க வழுக்கி விழுந்துடும், ‘அடிக்கடி சுத்தமா தீத்தா நல்லதில்ல’ங்கறது ‘தீரவே விடக் கூடாது’ன்னு ஆயிடுச்சுன்னா தகவலே தப்பாயிடும்.

எல்லாத்தையும் உருக்கவும் வேண்டாம். போன்ல அந்த 80 செட்டிங்கை எங்க போய் ஆன் பண்றதுன்னு சொல்லப் போறீங்கன்னா, படிக்கறவங்க ஒரு கைல போனை வச்சுகிட்டு ஒவ்வொரு படியா தொட்டு தொட்டு பாப்பாங்க, நடுவுல கண்ணை எடுத்துட்டு திரும்ப வந்தா விட்ட எடம் தெரியணும். அந்த எடத்துல 1, 2, 3ன்னு போட்டு வரிசையாவே விட்டுடுங்க. உங்க பதில்ல அப்படி ஒரு பகுதி கீழ இருந்துச்சுன்னா அதுல கை வைக்காதீங்க, மேல இருக்குற காரணம், தீர்வு ரெண்டையும் மட்டும் மாத்துனா போதும்.